மீட்டமை என்று எழுதியிருந்த பட்டன்

மருந்து பேக்கிங் கம்பெனியில் அவளை எல்லாரும் லேபிள் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாலு வருஷமாக ஒரே மேஜை, ஒரே விளக்கு, ஒரே இரும்பு ஸ்கேல். புது லேபிள் கட்டு வந்தால் அசலான மாஸ்டர் லேபிளை இடது பக்கம் வைப்பாள், புதுசை வலது பக்கம் வைப்பாள், ஸ்கேலை வரிக்கு வரி இறக்குவாள். ஒரு எழுத்து பிசகினாலும் கையைத் தூக்கிவிடுவாள். கை தூக்கினால் மெஷின் நிற்கும். நிறுத்தியவளை யாரும் திட்டக் கூடாது, அது அங்கே எழுதாத சட்டம். காது மருந்து பாட்டிலில் இருமல் மருந்து லேபிள் ஒட்டினால் குடிக்கிறவன் கதி என்ன?

அந்தச் சனிக்கிழமை காலையில் அவள் வீட்டு மேஜையில் இருந்தது மருந்து பாட்டில் இல்லை. மகள் சிட்டுவின் டேப்லெட்.

சிட்டுவுக்கு ஒன்பது வயசு. காது கேட்கும், எல்லாம் புரியும், வாய்தான் பேசாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பேச்சுப் பயிற்சி மையத்து டீச்சர் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தாள். திரையில் படங்கள் வரிசையாக இருக்கும், அதற்குப் பலகை என்று பேர். ஒரு படத்தைத் தொட்டால் அதற்கென்று பதிவு செய்த குரல் பேசும். தண்ணி, பசி, போதும், வலிக்குது என்று ஆரம்பித்து இப்போது நானூற்றுப் பன்னிரண்டு படங்கள். பிள்ளைக்குப் பிள்ளைக் குரல்தான் பொருத்தம் என்று லேபிள் அக்காவின் தங்கச்சி மகள் ஒரு விடுமுறை முழுக்க உட்கார்ந்து பேசிக் கொடுத்தாள். "ஏய், அது என்னோடது" என்று ஒரு படம். "அப்பா குறட்டை விடுறாரு" என்று ஒரு படம். அதை அழுத்திவிட்டுச் சிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். குரல் கொடுத்தவள் வளர்ந்து, குரலும் மாறி, எங்கேயோ விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அந்தக் குரல் இனி அந்த டேப்லெட்டுக்குள்தான் இருக்கிறது.

அன்றைக்குக் காலையில் செயலி தானாகவே புதுப்பித்துக்கொண்டது. யாரும் கேட்கவில்லை, யாரும் சரி என்று சொல்லவும் இல்லை. அதற்கப்புறம் திறந்தால் பாதிப் படங்கள் வெறும் சாம்பல் கட்டங்களாக நிற்கின்றன. மீதிப் படங்கள் சந்தைக் கூட்டம் மாதிரி இடம் மாறிக் கிடக்கின்றன. சிட்டு தண்ணி இருந்த இடத்தைத் தொட்டாள். சத்தம் இல்லை. மறுபடி தொட்டாள். அப்புறம் வலிக்குது இருந்த இடத்தைத் தேடினாள், அங்கே பேருந்து நின்றது. விரல் அங்குமிங்கும் அலைந்து, கடைசியில் தன் மணிக்கட்டையே கடிக்க ஆரம்பித்தாள்.

"கடிக்காதடி கண்ணு, அம்மா சரி பண்றேன்" என்று கையைப் பிரித்துவிட்டு, தண்ணியைக் கொடுத்துவிட்டு, அவள் டீச்சருக்கு போன் போட்டாள்.

டீச்சர் நல்லவள்தான். பொறுமைசாலி. ஆனால் இயந்திரம் என்று வந்துவிட்டால் செயலிக்காரர்கள் அனுப்பிய வழிகாட்டித் தாள்தான் அவளுக்கு வேதம்.

"பதறாதீங்கம்மா. போன ஞாயித்துக்கிழமை காப்புப்படி எடுத்தீங்கல்ல?"

"எடுத்தேன் டீச்சர். வாராவாரம் எல்லாத்தையும் நகல் எடுத்து வைக்கிறேன்."

"அப்புறம் என்ன? அமைப்புகளுக்குள்ள போங்க. கீழ மீட்டமைன்னு ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்துங்க, பழையபடி எல்லாம் வந்துடும். தாள்ல தமிழ்லயே போட்டிருக்கு, நான் பார்த்துத்தான் சொல்றேன்."

அமைப்புகளுக்குள் போனாள். கடைசியில் இரண்டு பட்டன்கள். மேலே "மீட்டமை". கீழே "மீண்டும் வை". மீட்டமைக்கு அடியில் பொடி எழுத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி: "அனைத்துப் பலகைகளையும், பதிவு..." அவ்வளவுதான். இடம் போதாமல் மூன்று புள்ளியோடு நின்றுவிட்டது. பதிவு என்ன ஆகும்? வருமா, போகுமா? அதைச் சொல்ல மனசில்லை அதற்கு.

மீட்கிறது என்றால் அடகு நகையை மீட்கிறது, கிணற்றில் விழுந்தவனை மீட்கிறது. போனது வரும் என்றுதானே அர்த்தம். விரலை வைத்தாள். ஒரு பெட்டி எழும்பியது. "மீட்டமைக்க வேண்டுமா? இந்தச் செயலைத் திரும்பப் பெற முடியாது." கீழே சரி, ரத்து.

விரல் சரிக்கு மேலே நின்றது.

திரும்பப் பெற முடியாதா? போனதைக் கொண்டு வந்து கொடுக்கிறவன் எதற்கு இப்படி மிரட்டுகிறான்? வீட்டுக்கு வந்த பிள்ளையை மறுபடி தொலைக்க முடியாது என்று யாராவது எச்சரிப்பார்களா? பதினாலு வருஷத்துப் பழக்கம், கை தானாக மேலே போயிற்று. கம்பெனியில் மெஷினை நிறுத்தத் தூக்குகிற அதே கை. ரத்தைத் தொட்டாள். பெட்டி மறைந்தது.

"என்னம்மா, அழுத்திட்டீங்களா?" போனில் டீச்சர்.

"இல்ல டீச்சர். லேபிள் சரியில்லாத மாதிரி இருக்கு. பார்த்துட்டுக் கூப்பிடுறேன்."

"அதுல பார்க்க ஒண்ணும் இல்லம்மா. நீங்களும் சாவிக்கடை அக்கா பையன் மாதிரி எங்கேயாவது கையை வச்சுடாதீங்க, அவ்வளவுதான்."

அந்தப் பேச்சு அவளுக்குச் சுருக்கென்று இருந்தது. சாவிக்கடை அக்கா அதே மையத்துக்கு வருகிறவள். கடைத்தெருவில் ஒரு பெட்டிக்கடையில் சாவி வெட்டித் தருகிறாள், அவள் மகனும் பேசாத பிள்ளை. போன மாதம் அவன் டேப்லெட் கோளாறாகி, ஆறு மாதமாகச் சேர்த்த சொற்கள் எல்லாம் சுத்தமாகத் துடைத்துக்கொண்டு போய்விட்டன. பையன் எதையோ அழுத்திவிட்டான் என்று மையத்தில் பேச்சு. லேபிள் அக்காவும் அன்றைக்கு, பிள்ளை கையில் கொடுத்துவிட்டுக் கவனிக்காமல் இருந்தால் இப்படித்தான் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டவள்தான்.

வேன் ஓட்டுகிற அவள் புருஷன் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தான்.

"டீச்சரே சொல்லிட்டாங்கள்ல, அழுத்த வேண்டியதுதான? இல்லன்னா இப்பவாவது இங்கிலீஷ்ல வச்சுக்க. நான் அப்பவே சொன்னேன், தமிழ்ல வச்சா இப்படித்தான் குழப்பும்னு."

"தமிழ் குழப்பலங்க. எழுதினவன் குழப்பியிருக்கான். எங்க கம்பெனில ஒரு புள்ளி விட்டுப்போனா ஒரு லாரி சரக்கை நிறுத்துறோம். இவனுங்க வாயில்லாப் பிள்ளைங்க வாயை டப்பால போட்டு விக்கிறானுங்க, மேல என்ன ஒட்டியிருக்குன்னு ஒருத்தனும் படிச்சுப் பார்க்கல. இங்கிலீஷ்ல இருந்து தமிழுக்கு மாத்தினதுதான இது? அப்ப மாஸ்டர் லேபிள் இங்கிலீஷ்ல இருக்கும். அதை எடுத்துப் பக்கத்துல வச்சுப் பார்த்துடறேன். என் போன்ல படம் தெளிவா விழாது, உங்க போனைக் கொடுங்க."

போனைக் கொடுத்தான். கொடுக்காமல் தப்பிக்க முடியாது என்பது பத்து வருஷக் குடித்தனத்தில் அவன் கற்றது.

முதலில் அந்தத் தமிழ்த் திரையை அப்படியே போனில் படம் பிடித்தாள். பட்டன்கள், அவற்றின் பக்கத்தில் இருந்த குறிகள், வெட்டுப்பட்ட அந்தச் சாம்பல் வரி எல்லாம் தெரிகிற மாதிரி. அப்புறம் மொழி மாற்றுகிற இடத்துக்குப் போனாள். அதற்கு உலக உருண்டைக் குறி போட்டிருந்தது. மாற்றிவிட்டு வழி தெரியாமல் முழிக்கக் கூடாதே என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டாள்: பல் சக்கரம், மேலிருந்து இரண்டாவது, உருண்டை. மொழிப் பட்டியலில் தமிழ் தமிழ் எழுத்திலேயே இருந்தது. நல்லது, திரும்பி வரலாம்.

"இரு இரு" என்றான் புருஷன். "மொழியை மாத்தினா பிள்ளை பேசுறதும் இங்கிலீஷ் ஆயிடுமா? நாளைக்கு என்னைப் பார்த்து டாடின்னா நான் எங்க போறது?"

"அட ஆண்டவா. மாறுறது பட்டன் மேல இருக்கிற எழுத்து மட்டும்தான். பாட்டில் லேபிளை மாத்தினா உள்ள மருந்து மாறுமா?"

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் உள்ளூரத் திக்கென்றுதான் இருந்தது. இங்கிலீஷைத் தொட்டாள். திரை ஒரு தரம் இமைத்தது. முதல் வேலையாகப் பலகைக்குப் போய், மிஞ்சியிருந்த படங்களில் ஒன்றைத் தொட்டாள். "அப்பா குறட்டை விடுறாரு" என்றது தங்கச்சி மகளின் குரல், அட்சரம் பிசகாத தமிழில். சோபாவில் சுருண்டிருந்த சிட்டு தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

அப்புறம் அதே அமைப்புப் பக்கம். இடது பக்கம் இங்கிலீஷ் டேப்லெட், வலது பக்கம் தமிழ்ப் படம் இருந்த போன். ஸ்கேல் இல்லை, சமையல்கட்டிலிருந்து ஒரு தோசைத் திருப்பியைக் கொண்டுவந்து வரிக்கு வரி இறக்கினாள். இடத்தை மட்டும் நம்பாமல் குறியையும் ஒத்துப் பார்த்தாள். மொழி மாறும்போது வரிசை மாறினாலும் குறி மாறாது.

வட்டமாக வளைந்த அம்புக்குறி போட்ட பட்டன், தமிழில் மீட்டமை. இங்கிலீஷில் ரீசெட். பெட்டிக்குள்ளிருந்து வெளியே வருகிற அம்பு போட்ட பட்டன், தமிழில் மீண்டும் வை. இங்கிலீஷில் ரீஸ்டோர்.

பத்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். ரீசெட்டுக்கு அடியில் இருந்த சாம்பல் வரி இங்கிலீஷில் வெட்டுப்படாமல் முழுசாக இருந்தது. முதல் சொல்லே டெலீட். அதைப் படிக்கப் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை, போன் வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். மீதியைப் புருஷனின் போனில் அகராதியைத் திறந்து ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தாள். எல்லாப் பலகைகளையும், எல்லாக் குரல் பதிவுகளையும், எல்லாக் காப்புப்படிகளையும் அழித்துவிடும்.

காப்புப்படியையும்.

ஒரு தொடுதல். அந்தச் சரியை ஒரு தரம் தொட்டிருந்தால் நானூற்றுப் பன்னிரண்டும் போயிருக்கும், வாராவாரம் எடுத்து வைத்ததும் போயிருக்கும். போன பிறகு டீச்சர் என்ன சொல்லியிருப்பாள்? பிள்ளை எதையோ அழுத்திவிட்டது என்றுதான் சொல்லியிருப்பாள்.

பயம் போன சுவட்டில் கோபம் வந்தது. "படுபாவிங்களா" என்றாள் டேப்லெட்டைப் பார்த்து. "விஷ பாட்டில்ல சத்து டானிக்குன்னு ஒட்டி வச்சிருக்கீங்களேடா. அசல்ல இருக்கிற எச்சரிக்கையைக் கூட வெட்டிட்டு மூணு புள்ளி வச்சிருக்கீங்களே."

புருஷன் போட்ட சட்டைப் பட்டனைத் திரும்பக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வேன் காத்திருக்கட்டும்.

ரீஸ்டோரைத் தொட்டாள். காப்புப்படிகளின் பட்டியல் வந்தது, தேதியோடு. போன ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தாள். இப்போதுள்ள பலகைகளுக்குப் பதிலாக இந்தக் காப்புப்படியை வைக்கட்டுமா என்று கேட்டது. அதையும் அகராதியில் ஒவ்வொரு சொல்லாகத் தட்டிப் பார்த்துவிட்டு, ஸ்தோத்திரம் சொல்கிற மாதிரி ஏதோ முணுமுணுத்துக்கொண்டு சரி கொடுத்தாள். ஒரு கோடு மெதுவாக நீண்டது. நீண்டு முடிந்ததும் படங்கள் வந்தன. தண்ணி தண்ணி இருந்த இடத்தில். வலிக்குது வலிக்குது இருந்த இடத்தில்.

சிட்டு ஓடிவந்து டேப்லெட்டைப் பிடுங்கிக்கொண்டாள். "ஏய், அது என்னோடது" என்றது குரல்.

"உன்னோடதுதான் ராசாத்தி" என்று மகளின் தலையைக் கோதினாள்.

அப்புறம் பிள்ளையிடம் கெஞ்சி வாங்கி, இங்கிலீஷ்ப் பக்கத்தையும் போனில் படம் பிடித்துக்கொண்டு, காகிதத்தைப் பார்த்து மொழியைத் தமிழுக்கே மாற்றினாள்.

"இங்கிலீஷ்லயே விட்டுடலாமே" என்றான் புருஷன்.

"எதுக்கு? தினமும் இதைத் திறக்கிறது நான். எனக்குப் படிக்க வர்றது தமிழ். எவனோ ஒருத்தன் அரைகுறையா எழுதினதுக்கு நான் என் வீட்டு மொழியை விட்டுக் கொடுக்கணுமா? சந்தேகம் வந்தா மாத்திப் பார்ப்பேன், பார்த்துட்டுத் திரும்பி வருவேன். திருந்த வேண்டியது அவனுங்க."

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, புருஷனின் போனையும் வாங்கிக்கொண்டு மையத்துக்குப் போனாள். சிட்டு பொம்மை அலமாரிக்குப் போய்விட்டாள். டீச்சரின் மேஜையில் போனை வைத்து, இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிக் காட்டினாள். கத்தவில்லை. கம்பெனியில் மேலதிகாரியிடம் தப்பு லேபிளைக் காட்டுகிற மாதிரி, இது மாஸ்டர், இது ஒட்டினது, இங்கே பிசகு என்று விரலை வைத்துக் காட்டினாள்.

டீச்சர் இழுப்பறையிலிருந்து தன் தாளை எடுத்தாள். காப்புப்படியிலிருந்து எல்லாவற்றையும் பெற மீட்டமையை அழுத்தவும் என்று அதில் தெளிவாக இருந்தது. தாளை ஒருவன் தமிழாக்கியிருக்கிறான், செயலியை இன்னொருவன். ஒருவன் ரீஸ்டோருக்கு வைத்த பெயரையே மற்றவன் ரீசெட்டுக்கு வைத்திருக்கிறான். இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்க ஒரு ஆள் இல்லை. டீச்சர் மூன்று தரம் படித்தாள்.

"நான் தாள்ல இருந்ததைத்தானேம்மா படிச்சேன்."

"தெரியும் டீச்சர். உங்களைக் குத்தம் சொல்ல வரல. ஒண்ணே ஒண்ணு கேட்கணும். சாவிக்கடை அக்காவுக்கும் இதையேதான் படிச்சீங்களா?"

"ஆமாம்மா, இதையேதான்" என்றாள் டீச்சர், தாளைப் பார்த்துக்கொண்டே.

பத்து மணிக்குச் சாவிக்கடை அக்கா மகனோடு வந்தாள். விரல் நுனியெல்லாம் இரும்புத் தூள் கறை. பையன் புது உறை போட்ட டேப்லெட்டைக் கட்டிப் பிடித்திருந்தான். அதில் அவனுக்கு இப்போது இருபதோ இருபத்தைந்தோ படங்கள்தான்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள் டீச்சர். "போன மாசம் நடந்தது, செயலில ஒரு சின்னத் தொழில்நுட்ப..."

"நேரா சொல்லுங்க டீச்சர்" என்றாள் லேபிள் அக்கா. அவள் குரலில் இருந்த சூடு டீச்சரை நிமிர வைத்தது.

"நான் அழுத்தச் சொன்ன பட்டன்தான் எல்லாத்தையும் அழிச்சது. பேரு தப்பா இருந்தது. நான் சரிபார்க்கல. உங்க பையன் ஒண்ணும் பண்ணல. அவன் அழுத்தியிருப்பான்னு சொன்னது என் தப்பு. அழிஞ்சது திரும்ப வராது. காப்புப்படியும் அதோடயே போயிடுச்சு."

சாவிக்கடை அக்கா நின்றுகொண்டே இருந்தாள். கோபப்படுவாள், கத்துவாள் என்று லேபிள் அக்கா எதிர்பார்த்தாள். கத்தினால் கூடச் சேர்ந்து கத்தவும் தயாராகத்தான் இருந்தாள். ஆனால் அந்த அம்மா டீச்சரைப் பார்க்கவே இல்லை. பையனைத்தான் பார்த்தாள்.

"அப்ப இவன் தொடலையா?"

"தொடலக்கா" என்றாள் டீச்சர்.

"நான் இவனை அடிச்சேன் டீச்சர்" என்றாள். "நீங்க போன்ல சொன்னதும், என்னடா பண்ணினேன்னு கேட்டு, கரண்டியைக் கொண்டு அடிச்சேன். இவன் அந்த டேப்லெட்டைக் காட்டிக் காட்டி என்னமோ சொல்லப் பார்த்தான். அதுல ஒரு படம் கூட இல்ல. எதை வச்சுச் சொல்லுவான்?"

லேபிள் அக்காவுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. கவனிக்காத தாய் என்று போன மாதம் வாய்க்குள் சொன்னாளே, அந்த வாயை என்ன செய்வது.

"நானும் உங்களைத் தப்பா நினைச்சேன்க்கா" என்றாள். "மன்னிச்சுக்கோங்க."

சாவிக்கடை அக்கா தலையை ஆட்டினாள். கேட்டாளா இல்லையா தெரியவில்லை. டீச்சர் அந்தத் தாளைக் குறுக்கே கோடு போட்டு அடித்தாள். இரண்டு படங்களையும் செயலிக்காரர்களுக்கு இன்றைக்கே அனுப்புகிறேன், மையத்துக்கு வருகிற அத்தனை பேருக்கும் போன் பண்ணுகிறேன் என்றாள். லேபிள் அக்கா பக்கத்தில் நின்று, யார் யாருக்கு என்று ஒவ்வொரு பெயராக எழுத வைத்தாள்.

"அதெல்லாம் பண்ணுங்க" என்றாள் சாவிக்கடை அக்கா. "அதுக்கு முன்னாடி இவனுக்கு ஒரு படம் வச்சுக் கொடுங்க. நான் பேசுறேன்."

டீச்சர் பையனின் பலகையைத் திறந்து, முதல் கட்டத்தில் ஒரு கையை விரித்த படத்தை வைத்தாள். பதிவுப் பட்டனைத் தொட்டுக் காட்டினாள். சாவிக்கடை அக்கா டேப்லெட்டை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துச் சொன்னாள்.

"நான் செய்யல."

பையன் டேப்லெட்டை வாங்கிப் பார்த்தான். விரலை வைத்தான். அம்மாவின் குரல் நான் செய்யல என்றது. அவன் நிமிர்ந்து அம்மா முகத்தைப் பார்த்தான். மறுபடி அழுத்தினான். மறுபடி. டீச்சர் கை நீட்டப் போனாள், லேபிள் அக்கா அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

ஒவ்வொரு தரமும் சாவிக்கடை அக்கா குனிந்து அவன் முகத்துக்கு நேராகப் பதில் சொன்னாள்.

"ஆமாண்டா. நீ செய்யல."